ரியாலும் ரூபாயும் ஒரே கணக்கில்: எந்த ரேட், எந்த நாள் ரேட்?

மேலப்பாளையத்தில் வீடு கட்டத் தொடங்கும் குடும்பம் முதலில் போடுவது கையிருப்புக் கணக்கு. மூத்தவர் ரியாத்தில் 12,000 ரியால் வைத்திருக்கிறார். அடுத்தவர் மஸ்கட்டில் 400 ஓமான் ரியால். இளையவர் கோலாலம்பூரில் 5,000 ரிங்கிட். வாப்பாவின் வங்கிக் கணக்கில் ₹1,50,000. இந்த நான்கையும் கணினியில் எக்ஸெல் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் அதனதன் நாணயக் குறியையும் அழகாக அமைத்து, கீழே `=SUM(B2:B5)` என்று அடித்தால் 1,67,400 என்று விடை வரும். அது ரூபாயும் இல்லை, ரியாலும் இல்லை. எக்ஸெலுக்கு நாணயக் குறி வெறும் அலங்காரம். அது எண்ணை மட்டுமே பார்த்துக் கூட்டுகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் உள்ள அபாயம்.

ஒவ்வொன்றையும் ரூபாயாக மாற்றிவிட்டுக் கூட்ட வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எந்த ரேட்டில் மாற்றுவது என்று கேட்டால்தான் பெரியவர்களும் தடுமாறுகிறார்கள். ‘இன்னைக்கு ரியால் ரேட் என்ன?’ என்று கேட்டால் ஒரே நாளில் நான்கு வேறு எண்கள் கிடைக்கும், நான்குமே உண்மையான எண்களாக இருக்கும். அவற்றில் எது சரி என்பது அந்தக் கூட்டுத்தொகை எதற்காக என்பதைப் பொறுத்தது. கொத்தனாருக்குக் கொடுக்கவா, ஜகாத்துக்கா, வருமான வரிக்கா, அண்ணன் தம்பி பாகத்துக்கா? இந்தக் கட்டுரையின் வாதம் அவ்வளவுதான்: நோக்கத்தைச் சொல்லாமல் ‘சரியான ரேட்’ என்று ஒன்று கிடையாது.

முந்தைய தலைமுறைக்கு இந்தத் தலைவலி குறைவாக இருந்தது. 1927 முதல் இந்திய ரூபாய் 18 பிரிட்டிஷ் பென்ஸுக்குச் சமம் என்று நிலைப்படுத்தப்பட்டிருந்தது. மலாயா டாலரோ 1906-லிருந்தே 28 பென்ஸ். ஆகவே 9 டாலர் என்றால் 14 ரூபாய். 1949-இல் பவுண்டின் மதிப்பைக் குறைத்தபோது இரண்டும் அதனுடன் சேர்ந்தே இறங்கியதால், இந்த விகிதம் கலையவில்லை. ஜப்பானியர் ஆண்ட போர்க்காலத்தை விட்டுவிட்டால், பினாங்கிலிருந்து வந்த பணத்தை ஒன்பதால் வகுத்துப் பதினான்கால் பெருக்கினால் போதும். என்றைக்கு வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. வளைகுடாவில் அதைவிட எளிது. குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய்ப் பகுதிகளில் புழங்கியதே இந்திய ரூபாய்தான். 1959-இல் தங்கக் கடத்தலைத் தடுப்பதற்காக ரிசர்வ் வங்கி அங்கே மட்டும் செல்லும்படி வேறு நிறத்தில், வரிசை எண்ணுக்கு முன் ‘Z’ எழுத்துடன் தனி நோட்டுகளை வெளியிட்டது. மதிப்பு என்னவோ அதே ரூபாய்தான்.

குவைத் 1961-லும் பஹ்ரைன் 1965-லும் சொந்த நாணயத்துக்குப் போயின. 1966 ஜூன் 6 அன்று இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. ஒரு டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ஆனது. அதோடு கத்தாரும் துபாயும் ரூபாயைக் கைவிட்டன. அதன்பின் வெளிநாட்டுப் பணத்தைக் கணக்கில் எழுதும்போது பக்கத்தில் தேதி போடாமல் முடியாது என்றாகிவிட்டது. பழைய பழக்கத்தில் தேதி போடாமல் எழுதிய குடும்ப நோட்டுகள்தான் பின்னாளில் சச்சரவுக்குக் காரணமாகின்றன. அதைக் கடைசியில் பார்ப்போம்.

ரேட்டுக்கு முன்னால் நாணயத்தை உறுதிசெய்துகொள்ள வேண்டும். ‘ரியால்’ என்று மட்டும் எழுதினால் சவூதியா, கத்தாரா, ஓமானா என்று தெரியாது. சவூதி ரியாலைப்போல் ஓமான் ரியால் ஏறத்தாழ 9.75 மடங்கு. மாறி எழுதினால் 400 ரியால் ஒன்பதாயிரத்துக்கும் கீழே போய்விடும், அல்லது எண்பத்தேழாயிரத்துக்கு ஏறிவிடும். ‘தினார்’, ‘டாலர்’ எல்லாம் இதே கதைதான். வங்கிகள் பயன்படுத்தும் மூன்றெழுத்துக் குறிகளை (`SAR`, `QAR`, `OMR`, `KWD`, `MYR`) எழுதிவிட்டால் குழப்பம் தீரும். குவைத் தினார், பஹ்ரைன் தினார், ஓமான் ரியால் மூன்றுக்கும் சில்லறை ஆயிரம் பங்கு. தசமத்துக்குப் பின் மூன்று இடம் எழுத வேண்டும். ஜப்பானிய யென்னுக்கு வங்கிப் பட்டியலில் போட்டிருக்கும் விலை நூறு யென்னுக்கு. வெளிநாட்டில் சில பணமாற்று நிலையங்கள் ஒரு ரியாலுக்கு இத்தனை ரூபாய் என்று போடாமல், ஆயிரம் ரூபாய்க்கு இத்தனை ரியால் என்று போடுவதும் உண்டு. அப்போது பெருக்கக் கூடாது, வகுக்க வேண்டும்.

கிடைத்த ரேட் நம்பத்தக்கதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. சவூதி ரியால் 1986-லிருந்து டாலருக்கு 3.75 என்றே நிற்கிறது. அமீரக திர்ஹம் 3.6725. ஓமான் ரியால் ஒன்றுக்கு சுமார் 2.60 டாலர். இவை டாலரோடு கட்டப்பட்டவை என்பதால், டாலரின் ரூபாய் விலை தெரிந்தால் மூன்றும் தானே வந்துவிடும். டாலர் 84 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சவூதி ரியால் 22.40, திர்ஹம் 22.87, ஓமான் ரியால் சுமார் 218.47. எந்த நாளிலும் திர்ஹம் ரியாலைவிட இரண்டு சதவீதம் கூடுதலாகவே இருக்கும். உங்கள் தாளில் ரியால் திர்ஹத்தைத் தாண்டி நின்றால், இரண்டும் வெவ்வேறு நாளின் ரேட், அல்லது ஒன்று வாங்கும் விலை, மற்றது விற்கும் விலை. ரிங்கிட்டுக்கு இந்தச் சோதனை பலிக்காது. 1998 முதல் டாலருக்கு 3.80 என்று கட்டியிருந்ததை மலேசியா 2005 ஜூலையில் அவிழ்த்துவிட்டது. குவைத் தினாரும் 2007-லிருந்து பல நாணயங்களின் தொகுப்போடுதான் கட்டப்பட்டிருக்கிறது. இந்த இரண்டுக்கும் அன்றைய விலையைத் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும்.

இனி வீட்டுக் கணக்குக்கு வருவோம். டாலர் 84, ரிங்கிட் 19 என்று கணக்குக்காக வைத்துக்கொள்கிறேன். இன்றைய விலை எதுவோ அதை நீங்கள் போட்டுக்கொள்ளலாம், முறை மாறாது. கூகுளில் தேடினால் வருவது சந்தையின் நடுவிலை. அதன்படி ரியாத் பணம் 2,68,800 ரூபாய், மஸ்கட் பணம் 87,388, கோலாலம்பூர் பணம் 95,000. வாப்பாவின் ஒன்றரை லட்சத்தையும் சேர்த்தால் ₹6,01,188. ஆறு லட்சம் இருக்கிறது என்று கொத்தனாரிடம் பேசிவிடத் தோன்றும்.

ஆனால் நடுவிலையில் யாரும் நமக்குப் பணம் மாற்றித் தருவதில்லை. வங்கி நம்மிடமிருந்து ரியாலை வாங்கும் விலை நடுவிலைக்குக் கீழே. நமக்கு ரியால் விற்கும் விலை மேலே. அந்த இடைவெளிதான் அவர்கள் வருமானம். கணக்குக்கு வரும் பணத்துக்குப் பொருந்துவது ‘டிடி பையிங்’ என்று வங்கிப் பட்டியலில் இருக்கும் விலை. கையில் நோட்டாகக் கொண்டுவந்து கொடுத்தால் அதையும்விடக் குறைவு. வங்கி வாங்கும் விலை ரியாலுக்கு 22.10, ஓமான் ரியாலுக்கு 216, ரிங்கிட்டுக்கு 18.60 என்றால், 2,65,200 + 86,400 + 93,000 + 1,50,000 = ₹5,94,600.

இன்னும் முடியவில்லை. பணம் அந்நிய நாணயமாகவே வந்து இங்குள்ள வங்கி மாற்றினால், அந்த மாற்றுச் சேவைக்கு ஜிஎஸ்டி உண்டு. முழுத் தொகைக்கும் அல்ல. சட்டம் ஒரு சிறு பங்கையே சேவையின் மதிப்பாக எடுத்துக்கொள்கிறது. ஒரு லட்சம் ரூபாய் வரை ஒரு சதவீதம் (குறைந்தது 250 ரூபாய்), அதற்கு மேல் பத்து லட்சம் வரை ஆயிரம் ரூபாயோடு மீதியில் அரை சதவீதம். அந்த மதிப்பின்மேல் 18 சதவீத வரி. மேலே சொன்ன மூன்று பணத்துக்கும் முறையே 328.68, 155.52, 167.40 என்று மொத்தம் ₹651.60. ஆக, செலவழிக்கக் கைக்கு வருவது ₹5,93,948.40, அனுப்புகிற வங்கியின் கட்டணம் இருந்தால் அது வேறு. நடுவிலைக் கணக்கைவிட ஏழாயிரத்துச் சொச்சம் குறைவு. ஒரு நாள் கூலியாட்களுக்கு இந்த ஏழாயிரம் தாராளமாகக் காணும். கொத்தனாரிடம் பேச வேண்டிய எண் கைக்கு வரும் அந்தத் தொகைதான். உண்டியல்காரர் சொல்லும் கூடுதல் ரேட்டை வைத்துக் கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. அது சட்டத்துக்குப் புறம்பான வழி என்பது ஒருபக்கம். வங்கி வழியாக வரப்போகிற பணத்துக்கு அந்த ரேட் எந்தவிதத்திலும் பொருந்தாது என்பது இன்னொரு பக்கம்.

இதைத் தாளில் எழுதும் முறை எளிதுதான். ஒரு வரிசையில் தேதி, அடுத்ததில் தொகை, பிறகு நாணயக் குறி, பிறகு அன்றைய ரேட். ரூபாய்க்கு ரேட் 1. தொகை B வரிசையிலும் ரேட் D வரிசையிலும் இருந்தால் கூட்டுவதற்கு இது போதும்:

```
=SUMPRODUCT(B2:B5,D2:D5)
```

மூல நாணயத் தொகையை அழித்துவிட்டு ரூபாயை மட்டும் எழுதிவைக்கக் கூடாது. மென்பொருள் எழுதுகிறவர்களும் இதே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள். கென்ட் பெக் 2002-இல் எழுதிய டெஸ்ட் டிரிவன் டெவலப்மென்ட் நூலின் முதல் பகுதி முழுக்க, டாலரையும் சுவிஸ் பிராங்கையும் கூட்டும் கணக்குதான். கூட்டலை அப்படியே கூட்டலாக வைத்திருந்து, கேட்கும்போது ரேட்டைக் கொடுத்து ஒரே நாணயமாக்குவது அவர் காட்டும் வழி. கூகுள் ஷீட்டில் `=GOOGLEFINANCE("CURRENCY:SARINR")` என்று போட்டால் ரேட் தானாக வரும். கையிருப்பைப் பார்க்க அது வசதி. ஆனால் போன வருஷம் அனுப்பிச் செலவழிந்துபோன பணத்தின் பக்கத்திலும் அதைப் போட்டுவைத்தால், பழைய செலவின் ரூபாய்த் தொகை தினம் தினம் மாறிக்கொண்டிருக்கும். முடிந்துபோனதற்கு ரேட்டை எண்ணாகவே எழுதிப் பூட்டிவிட வேண்டும்.

சராசரி ரேட் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒருவர் ஜனவரியில் 1,000 ரியாலை 22 ரூபாய் ரேட்டிலும், ஜூனில் 3,000 ரியாலை 23 ரூபாய் ரேட்டிலும் அனுப்பினார் என்றால் வந்து சேர்ந்தது 91,000 ரூபாய். 4,000 ரியாலைச் சராசரி 22.50-ஆல் பெருக்கினால் 90,000-தான் வரும். கூடுதலாக அனுப்பிய மாதத்தின் ரேட்டுக்குக் கூடுதல் எடை கொடுக்காததே இந்த ஆயிரம் ரூபாய்ப் பள்ளம். ரேட்டுகளைக் கூட்டி வகுப்பதைவிட, ஒவ்வொரு தவணையையும் அதனதன் ரேட்டில் பெருக்கிப் பிறகு கூட்டுவதே நல்லது.

ஜகாத்துக்கு வரும்போது கணக்கு வேறு திசையில் திரும்புகிறது. அது ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடமை. குடும்பத்தின் மொத்தத்தைக் கூட்டுவதே தேவையில்லாதது. ஒரே ஆளிடம் ரியாலும் ரிங்கிட்டும் ரூபாயும் இருந்தால், அவர் நிஸாப் அளவை எட்டியிருக்கிறாரா என்று பார்க்க மட்டும் எல்லாவற்றையும் ஒரே நாணயத்தில் கூட்ட வேண்டும். அதற்கு அவருடைய சந்திர வருடம் நிறைவடையும் நாளின் விலை. தங்கமா வெள்ளியா எதை அளவாகக் கொள்வது என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அளவை எட்டிவிட்டது என்று தெரிந்தபின் மாற்று விலையே வேண்டாம். இரண்டரை சதவீதத்தை ஒவ்வொரு நாணயத்திலும் தனித்தனியாகவே எடுத்துவிடலாம்: 12,000 ரியாலுக்கு 300 ரியால், 5,000 ரிங்கிட்டுக்கு 125 ரிங்கிட். விகிதம் எடுப்பதற்குக் கூட்டுத்தொகை தேவையில்லை. எந்த ரேட் என்று அலசிக்கொண்டிருப்பவர்கள் பலர் இந்தச் சுலபத்தைக் கவனிப்பதில்லை.

வருமான வரித் துறைக்கு நம் விருப்பம் முக்கியமில்லை. ரேட்டையும் நாளையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும்வரை அங்கே சம்பாதித்ததற்கு இங்கே வரி இல்லை. ஊர் திரும்பிக் குடியிருப்பவர் ஆனபின் வெளிநாட்டு வருமானம் வந்தால் 1962 வருமான வரி விதிகளின் 115-ஆவது விதி பேசும். பாரத ஸ்டேட் வங்கியின் டிடி பையிங் விலையே அதற்கு அளவுகோல். சம்பளமாக இருந்தால், அது சேர வேண்டிய மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள் விலை. ஆகஸ்டு சம்பளத்துக்கு ஜூலை 31. பணம் உண்மையில் வங்கிக்கு வந்த நாளின் ரேட் அங்கே செல்லாது. 2025-இல் இயற்றிய புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-லிருந்து நடப்புக்கு வருவதால், அதற்குப் பிந்தைய வருமானத்துக்குப் புதிய விதிகளை ஆடிட்டரிடம் கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மிகப் பெரிய சிக்கல் பாகப்பிரிவினையில்தான். வாப்பா பெயரில் மனை, மூத்தவர் பல வருஷம் அனுப்பிய ரியாலில் வீடு, தம்பிகள் பின்னால் கொஞ்சம் போட்டார்கள். பிரிக்க உட்காரும்போது மூத்தவர் ‘நான் இத்தனை ரியால் அனுப்பினேன்’ என்று மொத்த ரியாலைச் சொல்வார். தம்பி ‘அப்ப வந்தது இத்தனை ரூபாய்தானே அண்ணே’ என்று நோட்டை விரிப்பார். இருவருமே பொய் சொல்லவில்லை. 1991 ஜூலை முதல் வாரத்தில் அரசு ரூபாயின் மதிப்பை இருமுறை குறைத்தது. டாலர் 21 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து ஏறத்தாழ 26-க்கு ஏறியது. ரியால் சுமார் 5.65-லிருந்து 6.90 ஆனது. 1991 ஜூனில் வந்த 1,000 ரியால் வீட்டுக்குத் தந்தது ஏறக்குறைய 5,650 ரூபாய்க்கான செங்கலும் சிமெண்டும். அதே ஆயிரத்தை மேலே எடுத்துக்கொண்ட 22.40 ரேட்டில் போட்டால் 22,400 ரூபாய். தம்பி 2010-க்குப் பின் ரூபாயில் போட்டதை அப்படியே வைத்துவிட்டு, அண்ணன் போட்டதை மட்டும் இன்றைய ரேட்டில் நான்கு மடங்காக்கினால், ஒரே பட்டியலில் இரண்டு காலத்துப் பணத்தைக் கூட்டுவதாகும்.

கணக்காளர்கள் இதற்கு ஒரு தெளிவான கோடு போட்டிருக்கிறார்கள். நிறுவனங்களின் அந்நிய நாணயக் கணக்குக்கான ஏஎஸ் 11 என்ற இந்தியக் கணக்கியல் தரம், பணமாக நிற்பதையும் பொருளாக மாறிவிட்டதையும் பிரிக்கிறது. ரொக்கம், வங்கி இருப்பு, தர வேண்டிய வர வேண்டிய கடன் ஆகியவற்றைக் கணக்கு முடிக்கும் நாளின் ரேட்டில் மாற்ற வேண்டும். வாங்கிய விலையிலேயே கணக்கில் வைத்திருக்கும் நிலம், கட்டிடம் போன்றவற்றை வாங்கிய நாளின் ரேட்டிலேயே விட்டுவிட வேண்டும். குடும்பத்தை அந்தத் தரம் கட்டுப்படுத்தாது. ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வியைக் காட்டிவிடுகிறது: அண்ணன் அனுப்பியது ரியாலில் திருப்பித் தர வேண்டிய கடனா, அல்லது வீட்டுக்காகச் செலவழிந்த பணமா?

கடன் என்று அன்றே பேசி, ரியாலிலேயே திருப்புவதாக எழுத்தும் இருந்தால், இன்றைய ரேட்தான் நியாயம். ரூபாய் சரிந்ததன் சுமை கடன் வாங்கியவருக்கு. எழுத்து இல்லாவிட்டால் அது வீட்டுக்குள் போன பணம். அப்போது ஒவ்வொரு தவணையையும் அனுப்பிய நாளின் ரேட்டில் ரூபாயாக்க வேண்டும். 1991-இன் ரூபாயும் 2012-இன் ரூபாயும் ஒன்றல்ல என்பதால், அந்தத் தொகைகளை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தி, யார் பங்கு எத்தனை சதவீதம் என்று கண்டு, வீட்டின் இன்றைய சந்தை மதிப்பை அந்தச் சதவீதத்தில் பிரிப்பதே நேர்மையான வழி என்று எனக்குப் படுகிறது. விலைவாசிக்கு வருமான வரித் துறை ஆண்டுதோறும் வெளியிடும் செலவுப் பணவீக்கக் குறியீட்டை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இப்போதுள்ள வரிசை 2001-02-இல் 100 என்று தொடங்குவதால், அதற்கு முந்தைய தவணைகளுக்கு 1981-82-இல் தொடங்கிய பழைய வரிசையையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். இந்த முறையில் ரியாலின் இன்றைய ரேட் கணக்குக்குள் நுழைவதே இல்லை. வீட்டின் விலை ஏறியதன் பலன் எல்லோருக்கும் போட்ட அளவுக்கேற்பக் கிடைக்கிறது. மூத்தவருக்கு இது குறைவாகத் தோன்றலாம். உண்மையில், முன்னால் போட்டவர் என்பதால் குறியீட்டு உயர்வு அவருக்குத்தான் அதிகம்.

இதற்கெல்லாம் வேண்டியது தவணைவாரியான ஆதாரம். வரைவோலை அடிக்கட்டை, பணமாற்று நிலைய ரசீது, பழைய பாஸ்புக் எதையும் கிழித்துப்போடாதீர்கள். ரசீதில் ரேட்டும் தேதியும் இருக்கும். பாஸ்புக்கில் ரூபாய் மட்டுமே இருக்கும், அது போதாது. ரசீது தொலைந்துபோன, 1986-க்குப் பிந்தைய தவணைக்கு அந்த நாளின் ரூபாய் டாலர் விலையைத் தேடி எடுத்து, 3.75-ஆல் வகுத்தால் அன்றைய ரியால் விலை ஏறக்குறைய கிடைத்துவிடும். வாப்பா இருக்கும்போதே, அண்ணன் தம்பிகள் ஊரில் கூடியிருக்கும் ஒரு விடுமுறையிலேயே, தேதி, தொகை, நாணயம், ரேட் என்று நான்கு வரிசை போட்டு எல்லோரும் கையெழுத்திட்டு வைத்துவிடுங்கள்.